படிப்பு முடிந்த பிறகு பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு என்ன எழுதுவது?

“இந்த ஏப்ரலில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன். இன்னும் வேலை கிடைக்கவில்லை. எங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் மேடத்துக்கு ‘குட் மார்னிங் மேம், இனிமேல் ஏதாவது கம்பெனி வருதா?’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்துவிட்டார், பதில் இல்லை. மறுபடி அனுப்பலாமா? எப்படி எழுதினால் பதில் வரும்?”

அனுப்பலாம். ஆனால் அதே கேள்வியை மறுபடி அனுப்ப வேண்டாம். நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பிளேஸ்மென்ட் பொறுப்பைப் பார்த்தவன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் உங்கள் செய்தி எங்கே நின்றுபோனது என்பது எளிதாகத் தெரிகிறது.

“ஏதாவது கம்பெனி வருதா?” என்ற கேள்விக்கு மேடத்தால் ‘ஆமாம்’ என்றும் சொல்ல முடியாது, ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது. பேச்சில் நான்கைந்து கம்பெனிகள் இருக்கும். அவற்றில் எது வரும், எப்போது வரும் என்பது எச்.ஆர். கையில் இருக்கிறது. தேதி உறுதியாகி மெயில் வரும்வரை கம்பெனியின் பெயரை வெளியே சொல்ல முடியாது; சொல்லிவிட்டு அது வராமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அப்படியே ஒரு கம்பெனி வந்தாலும் அது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க உங்கள் விவரம் வேண்டும். நீங்கள் யார், எந்தத் துறை, எந்த ஆண்டு என்பது செய்தியில் இல்லை. உங்கள் எண்ணும் அவர் போனில் சேமிக்கப்பட்டிருக்காது. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இந்தப் பொறுப்பில் இருப்பவர் வகுப்பும் எடுக்கிற ஆசிரியர். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே போனைப் பார்க்கிறார். தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய செய்தியை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்குகிறார். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

சரி, மேடம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அது தெரிந்தால் எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

கம்பெனியிலிருந்து வரும் மெயிலில் வேலையின் விவரம், சம்பளம், ஊர் இவற்றோடு தகுதி வரையறை ஒன்று இருக்கும். எந்த ஆண்டு முடித்தவர்கள், எந்தத் துறைகள், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் எத்தனை சதவீதம், அரியர் இருக்கலாமா கூடாதா. மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது என்பது அடிக்கடி வரும் வரையறை. மேடம் தன்னிடம் இருக்கும் எக்செல் பட்டியலைத் திறந்து, இந்த வரையறைகளை ஒவ்வொன்றாக ஃபில்டரில் போடுவார். தப்பி நிற்கும் பெயர்களுக்கு மட்டும் பதிவு இணைப்பு போகும். பதிவு செய்தவர்களின் பட்டியல் கம்பெனிக்குப் போகும். அங்கே அதை வைத்துத்தான் ஆன்லைன் தேர்வுக்கான லிங்க் அனுப்புவார்கள். பட்டியல் போன பிறகு ஒரு பெயரைச் சேர்ப்பது பெரும்பாடு. எச்.ஆரிடம் கெஞ்சிக் கேட்க வேண்டும், அவரும் முடியாது என்று சொல்லலாம். அதனால் உங்கள் செய்தி அந்த ஃபில்டர் போடுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். டிரைவ் அறிவிப்பைப் பார்த்த பிறகு எழுதும் செய்தி பெரும்பாலும் தாமதமானதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த எக்செல் பட்டியல் எப்போது தயாரானது? மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது கூகுள் ஃபார்ம் நிரப்பினீர்களே, அப்போது. அதாவது 2025 ஜூன், ஜூலையில். அன்று உங்களுக்கு நான்காம் செமஸ்டரில் ஒரு தாள் நின்றுபோயிருந்தது என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் ‘அரியர்: 1’ என்று நேர்மையாக எழுதினீர்கள். நவம்பரில் அந்தத் தாளை எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். ஆனால் பட்டியலில் இன்றும் ‘1’ தான் இருக்கிறது. யாரும் போய் மாற்றவில்லை. ‘அரியர் கூடாது’ என்ற கம்பெனி வரும் ஒவ்வொரு முறையும் உங்கள் பெயர் ஃபில்டரில் விழுந்துவிடுகிறது. உங்களுக்கு இணைப்பு வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. வகுப்பில் எல்லோருக்கும் வந்த லிங்க் தனக்கு மட்டும் வரவில்லை என்று வருத்தப்படுகிற பலரின் கதை இதுதான். தொலைபேசி எண்ணை மாற்றியவர்கள், கல்லூரி கொடுத்த மெயில் முகவரியைப் படிவத்தில் எழுதி, படிப்பு முடிந்ததும் அது முடக்கப்பட்டவர்கள் என்று இன்னும் சிலர் இதே குழியில் விழுகிறார்கள்.

ஆகவே படிப்பு முடித்த ஒருவர் எழுதும் செய்தியின் முதல் வேலை, தன் பழைய பதிவைத் திருத்தச் சொல்வது. கம்பெனி வருமா என்று கேட்பது இரண்டாவதுதான்.

உங்கள் ஆண்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தை 2026-இல் முடித்தவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பை 2021-இல் முடித்திருப்பீர்கள். கொரோனாவால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லோருக்கும் தேர்ச்சி என்று அறிவித்து, மதிப்பெண் இல்லாத சான்றிதழைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு சி.பி.எஸ்.இ. மாணவர்களுக்குப் பள்ளி மதிப்பீட்டின் அடிப்படையில் மதிப்பெண் கிடைத்தது. அதனால் வெளிமாநிலத்தில் இருக்கும் எச்.ஆருக்கு, ‘பத்தாம் வகுப்பு சதவீதம்’ என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று புரிவதில்லை. கம்பெனியின் ஆன்லைன் படிவமும் எண் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அப்போது சிலர் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் போடுகிறார்கள், சிலர் 100 என்று போடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தேர்வெல்லாம் முடிந்து சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் படிவத்தில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று என்று நிற்கும். அந்தக் கட்டத்தில் ஆஃபரைத் திரும்பப் பெறும் உரிமை கம்பெனிக்கு உண்டு. மேடத்துக்கு எழுதும்போதே “பத்தாம் வகுப்பு 2021, தேர்ச்சி மட்டும், மதிப்பெண் வழங்கப்படவில்லை” என்று எழுதிவிடுங்கள். எண் கேட்கும் படிவம் வந்தால் என்ன போட வேண்டும் என்பதை அவர் எச்.ஆரிடம் ஒரே தடவை கேட்டு எல்லோருக்கும் சொல்லிவிடுவார். உங்கள் வகுப்பு முழுவதற்கும் இதே பிரச்சினைதான்.

மூன்றாவது, நீங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது. கையில் வேறு ஆஃபர் உண்டா? எம்.சி.ஏ., எம்.எஸ்சி. சேரப் போகிறீர்களா? படிப்பு முடித்தவர்களை எடுக்கும் கம்பெனிகள் அநேகமாக உடனே ஆள் வேண்டும் என்றுதான் வருகின்றன. இறுதியாண்டு மாணவருக்குப் போல ஆறு மாதம் கழித்துச் சேர்ந்தால் போதும் என்ற பேச்சு அங்கே இருக்காது. ஓரிரு வாரத்தில் வந்து சேரச் சொல்வார்கள். மேடம் பத்துப் பேரை அனுப்பி, ஐந்து பேர் தேர்வாகி, அதில் மூன்று பேர் “எம்.சி.ஏ. சீட் கிடைத்துவிட்டது” என்று போய்விட்டால் அந்தக் கம்பெனி அடுத்த வருடம் அந்தக் கல்லூரிப் பக்கம் திரும்பாது. இந்தப் பயம் எல்லா பிளேஸ்மென்ட் ஆபீசருக்கும் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆகவே உள்ளதைச் சொல்லுங்கள். மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். விப்ரோவின் ஒர்க் இன்டகிரேட்டட் லேர்னிங் புரோகிராம் போல, பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு கூடவே மேல்படிப்பும் படிக்க வைக்கிற திட்டங்கள் இருக்கின்றன. படிக்கும் ஆசை இருக்கிறது என்று தெரிந்தால் அப்படி ஒன்று வரும்போது மேடத்துக்கு உங்கள் ஞாபகம் வரும்.

இவ்வளவையும் சேர்த்தால் செய்தி கட்டுரையாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. உங்கள் விவரம் எனக்குத் தெரியாததால் ஒரு எடுத்துக்காட்டாக எழுதிக் காட்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 438, அதாவது 73 சதவீதம், பட்டத்தில் 7.4, நான்காம் செமஸ்டரில் விட்ட கணிதத் தாளை ஐந்தாம் செமஸ்டரோடு எழுதித் தேறிய ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வணக்கம் மேடம். பி.எஸ்சி. கணினி அறிவியல் 2023–26, பதிவு எண் இது, பெயர் இது. பிளேஸ்மென்ட் பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஓர் அரியர் இருக்கும். அந்தக் கணிதத் தாளில் 2025 நவம்பரில் தேர்ச்சி பெற்றுவிட்டேன், திருத்திவிட வேண்டுகிறேன். இப்போது அரியர் இல்லை. ஆறாம் செமஸ்டர் முடிவு இன்னும் வரவில்லை. பத்தாம் வகுப்பு 2021, தேர்ச்சி மட்டும். பன்னிரண்டாம் வகுப்பு 73%. பட்டம் ஐந்து செமஸ்டர் வரை 7.4. வேறு ஆஃபர் இல்லை, மேல்படிப்பில் சேரவில்லை, எந்த ஊர் என்றாலும் ஒரு வாரத்தில் சேர முடியும். 2026-இல் முடித்தவர்களையும் எடுக்கும் கம்பெனி அடுத்து வந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான அறிவிப்பு பழைய வகுப்புக் குரூப்பிலேயே வருமா, தனிப் படிவம் நிரப்ப வேண்டுமா மேடம்?”

இதைப் படிக்க அரை நிமிடம் போதும். முதல் வரியிலேயே துறையும் ஆண்டும் பதிவு எண்ணும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பைத் திறக்காமலே திரையில் தெரிகிற பகுதி அதுதான். அங்கே ‘குட் மார்னிங் மேம்’ மட்டும் தெரிந்தால் அதே போல வந்து கிடக்கும் மற்ற வணக்கங்களோடு போய்விடும். வணக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதில் வணக்கம் சொல்லும்வரை காத்திருக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பதிவு எண் இருப்பதால் அவர் பட்டியலில் நேராகப் போய் உங்கள் வரிசையைத் திருத்திவிடலாம். ஒரே பெயரில் ஒரே வகுப்பில் இரண்டு பேர் இருப்பது சாதாரணம். பெயர் மட்டும் எழுதினால் தவறான ஆளுக்குத் திருத்தம் போய்விடும்.

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். எந்தக் கம்பெனி, எப்போது, எவ்வளவு சம்பளம் என்று அது கேட்கவில்லை. குரூப்பா, படிவமா என்றுதான் கேட்கிறது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம், சொல்வதால் யாருக்கும் வாக்குக் கொடுத்ததாகவும் ஆகாது. அடுத்த வகுப்புக்கு நடந்து போகும்போதே ‘குரூப்’ என்று தட்டிவிட்டுப் போகலாம். உங்களுக்கும் உண்மையில் தேவையான தகவல் அதுதான். படிப்பு முடிந்ததும் வகுப்புக் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டு, அறிவிப்பு அங்கேதான் வருகிறது என்று தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

ரெஸ்யூமேயை இந்தச் செய்தியோடு அனுப்ப வேண்டியதில்லை. அவர் கேட்கும்போது பிடிஎஃப் கோப்பாக, கோப்பின் பெயரிலேயே பதிவு எண்ணும் உங்கள் பெயரும் துறையும் இருக்கும்படி அனுப்புங்கள். வெறுமனே ‘ரெஸ்யூமே ஃபைனல்’ என்ற பெயரில் அவரிடம் பல கோப்புகள் இருக்கும். கல்லூரியில் மெயிலில்தான் எழுத வேண்டும் என்ற நடைமுறை இருந்தால் இதே செய்தியை மெயிலில் போட்டு, பொருள் வரியில் பதிவு எண்ணோடு ‘அரியர் விவரம் திருத்தம், 2026 பி.எஸ்சி. கணினி அறிவியல்’ என்று எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வரிசை இதுவே இருக்கட்டும். குரல் பதிவு மட்டும் வேண்டாம். வகுப்பறை வாசலில் நின்று அதைக் கேட்க முடியாது, அதிலிருந்து எண்ணைப் பட்டியலில் ஏற்றுவதும் கஷ்டம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் விடுங்கள். பிறகு அதே செய்திக்கே பதிலாக, அதை இழுத்து மேலே கொண்டுவருவது போல எழுதுங்கள். அப்போது ஏதாவது புதுத் தகவல் சேர்ந்தால் நல்லது. “மேடம், ஆறாம் செமஸ்டர் முடிவு வந்துவிட்டது, எல்லாத் தாளிலும் தேர்ச்சி, மொத்தம் 7.5” என்று எழுதினால் அது நினைவூட்டலாகவும் இருக்கும், பட்டியலில் ஏற்ற வேண்டிய செய்தியாகவும் இருக்கும். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் ஒரு முறை நேரில் போய்விடுங்கள். டிரைவ் நடக்கும் நாளைத் தவிர வேறு நாளில், மதிப்பெண் பட்டியல்களின் நகலோடு போய் பட்டியலில் உங்கள் வரிசையை அங்கேயே திருத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். வெளியூரில் இருந்தால் துறையில் உங்கள் வகுப்புக்கான பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் ஆசிரியர் இருப்பார். அவர் வழியாகவும் இது நடக்கும்.

“சொல்கிறேன்” என்று மட்டும் பதில் வந்தால் அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி எதுவும் உறுதியாகவில்லை என்பதுதான் அநேகமாக அதற்குப் பொருள். “நன்றி மேடம், குரூப்பைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவு இணைப்பு வந்தால் அன்றைக்கே நிரப்பிவிட்டு, நிரப்பியதைச் சொல்லிவிடுங்கள். அந்த டிரைவுக்குப் போக முடியாது என்றாலும் பட்டியல் கம்பெனிக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதிவு செய்துவிட்டு வராதவர்களின் பெயரைக் கல்லூரிகள் குறித்து வைக்கின்றன. அடுத்த கம்பெனிக்கு அந்தப் பெயரை அனுப்பக் கை தயங்கும்.

செய்தியில் விருப்பமிருந்தால் இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: அப்ரண்டிஸாகச் சேரத் தயாரா என்பது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் 2014-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் இதில் வருகிறார்கள். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம்தான் நம் பக்கத்தில் இதைப் பார்த்துக்கொள்கிறது. அப்ரண்டிஸ் ஆட்களை எடுக்க வரும் நிறுவனங்களின் அழைப்பும் பிளேஸ்மென்ட் ஆபீசருக்குத்தான் வருகிறது. ஆனால் மாணவர்கள் இதை வேலையாக மதிப்பதில்லை என்று நினைத்து, பலர் எல்லோருக்கும் அனுப்புவதில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறார்கள். தெரிந்து சேருங்கள்: கிடைப்பது உதவித்தொகை, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. நான் கண்டவரை, கணினி படித்துவிட்டுக் கையில் எந்த அனுபவமும் இல்லாமல் ஓராண்டு வீட்டில் இருப்பதைவிட இது மேல்.

இடையில் யாராவது “வேறு கல்லூரியில் பூல் டிரைவ் நடக்கிறது, நேரடியாகப் போகலாம்” என்று ஒரு போஸ்டரை அனுப்புவார்கள். பூல் டிரைவை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் மற்ற கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் ஆபீசர் அனுப்பும் பட்டியலில் இருப்பவர்களைத்தான் உள்ளே விடுகின்றன. தனியாகப் பஸ் ஏறிப் போய் வாசலில் திரும்பி வருவதைவிட, போஸ்டரை மேடத்துக்கு அனுப்பி, “இதற்கு நம் கல்லூரியிலிருந்து பட்டியல் போகிறதா மேடம்? போனால் என் பெயரைச் சேர்க்க முடியுமா?” என்று கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று அந்தப் போஸ்டரில் பணம் கேட்டிருந்தால் கட்டாதீர்கள், அதையும் மேடத்திடம் காட்டுங்கள். அதே போஸ்டர் உங்கள் ஜூனியர்களுக்கும் போயிருக்கும், அவர் குரூப்பில் ஒரு வரி எழுதி எல்லோரையும் எச்சரித்துவிடுவார்.